ஒட்டாத பிளாஸ்டர்: எங்கள் முதலுதவிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்த நாள்

2025 மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எங்கள் அலுவலகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கும் தம்பி, ஃபோம் போர்ட் ஒன்றை அளவுகோல் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். பிளேட் அளவுகோலின் விளிம்பில் ஏறி வழுக்கி, அவருடைய இடது கைப் பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையில் இறங்கிவிட்டது. இரண்டு அங்குலம் இருக்கும். மேசையில் விரித்திருந்த வெள்ளைப் போர்ட் சிவந்ததைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருந்தவர்களுக்கே விளங்கியது.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், ஒரு கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகள். மொத்தம் ஒன்பது பேர். பதாகை, விளம்பரப் பலகை, அழைப்பிதழ் வடிவமைப்பு ஒரு பக்கம், சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது மறுபக்கம். நிர்வாக வேலையோடு முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பு. நான் ஓடிப்போய் இரும்பு அலுமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினேன்.

அடுத்த மூன்று நிமிடத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நாங்கள் செய்த எல்லாமே அந்த மூன்று நிமிடத்திலிருந்து வந்ததுதான். முதலில் கையுறையை எடுத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்தபோது விரல் பகுதி கிழிந்தது. கோஸ் பொதியை எடுத்தேன். அதன் ஒரு பக்க ஓரம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. அவசரத்தில் கையில் வந்த பெரிய பிளாஸ்டரைப் பிரித்து ஒட்டினேன். அந்தக் காயத்துக்கு அது போதாது என்பது வேறு விடயம். ஆனால் இரத்தம் படாத தோலில்கூட அது பிடிக்கவில்லை, ஒரு பக்கம் ஒட்ட மறுபக்கம் கிளம்பியது.

“பெட்டியை விடு பிள்ளை, எனக்கு அந்தத் துவாயைத் தா” என்று கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னார். தோய்த்து மடித்து வைத்திருந்த சிறிய துவாய் ஒன்றைக் காயத்தின்மேல் வைத்து, தம்பியை இருத்தி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். இரத்தம் நின்றது. ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனோம். நான்கு தையல், ஒரு ஏற்பு ஊசி. திங்கட்கிழமை தம்பி வேலைக்கு வந்துவிட்டார்.

காயம் ஆறியது அக்காவின் கையால். பெட்டி ஒன்றுக்கும் உதவவில்லை. வியாழக்கிழமை காலை எங்கள் முதலாளி பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேலே 2027 எண்டு அடிச்சிருக்கு. பிறகு எப்படி எல்லாம் பழுதாப் போச்சு?”

நல்ல கேள்வி. நானும் அந்த 2027ஐப் பார்த்துத்தான் இரண்டு வருடமாகப் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன்.

பெட்டியின் திகதி யாருடைய திகதி

பழைய பத்திரிகைத் தாள்களை மேசையில் விரித்து, பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினோம். அது 2023இல் தயாராக அடுக்கி விற்கப்பட்ட பெட்டி. மூடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் மார்ச் 2027. உள்ளே இருந்த பொருட்களில் திகதி தேடினால் ஒவ்வொன்றும் வேறு. பிளாஸ்டர் 2026 ஜனவரி. கோஸ் 2026 நவம்பர். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் 2025 மார்ச், அதாவது இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. சிலவற்றில் திகதியே இல்லை. மார்ச் 2027 என்ற திகதி உள்ளே ஒரேயொரு பொருளில்தான் இருந்தது, பெரிய காயக்கட்டில். அடுக்கியவர்கள் எந்தக் கணக்கில் அதை மூடிக்குக் கொண்டுவந்தார்களோ தெரியாது. பெட்டிக்கு என்று ஒரு திகதி போட வேண்டுமென்றால், உள்ளே இருப்பவற்றில் எது முதலில் முடிகிறதோ அதன் திகதிதான் பெட்டியின் திகதி. அந்தக் கணக்குப்படி எங்கள் பெட்டி மார்ச் 2025லேயே முடிந்திருந்தது.

ஆனால் முதலாளியின் கேள்விக்கு அது பாதிப் பதில்தான். பிளாஸ்டரும் கோஸும் திகதி முடியாமலே கெட்டிருந்தன. காலாவதித் திகதி என்பது, உறை உடையாமல், லேபலில் சொன்ன வெப்பத்துக்குள் வைத்திருந்தால் இவ்வளவு காலம் நிற்கும் என்று தயாரித்தவர் கொடுக்கும் உறுதி. அந்த இரண்டில் ஒன்று தவறினாலும் திகதிக்குப் பொருள் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளிலும் மூன்றைப் பார்த்தோம்: திகதி, உறை, திறந்த பொருளானால் திறந்த நாள்.

ஒவ்வொன்றாக

பிளாஸ்டரில் முதலில் கெடுவது பசை. உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுப் பகுதி பல வருடம் நிற்கும், பசை சூட்டில் இளகிப் பக்கவாட்டில் ஊறிவிடும். எங்கள் பிளாஸ்டரின் காகித உறையில் எண்ணெய் பட்டது போல ஒரு கறை இருந்தது. அதுதான் ஊறிய பசை. திகதியைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கறையைப் பார்க்க வேண்டும். கறை இல்லாவிட்டாலும் ஒன்றை எடுத்து முன்கையில் ஒட்டி, ஐந்து நிமிடம் கழித்து விரலை மடக்கி நீட்டிப் பார்த்தால் விளங்கிவிடும். திகதி பெரும்பாலும் வெளி அட்டைப் பெட்டியில் மட்டும் இருக்கும், தனித்தனி உறையில் இருக்காது. இடம் மிச்சம் என்று அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டு உள்ளிருப்பதை மட்டும் கொட்டி வைத்தால் திகதியும் அதோடு போய்விடும். அட்டையில் திகதி உள்ள பக்கத்தை வெட்டி, பிளாஸ்டர்களோடு சேர்த்து ரப்பர் பான்ட் போட்டு வையுங்கள்.

கோஸ், கண் பஞ்சட்டை, பஞ்சு வைத்துத் தைத்த காயக்கட்டு ஆகிய மூன்றும் கிருமி நீக்கப்பட்ட பொருட்கள். இவற்றில் திகதியைவிட உறைக்குத்தான் மதிப்பு. கோஸ் உறை பெரும்பாலும் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக், நான்கு ஓரமும் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு எந்த ஓரத்திலும் கிளம்பியிருக்கக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளை தெரியும். காகிதப் பக்கத்தில் நீர்க்கறை இருந்தால், அது காய்ந்துபோயிருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் நனைந்த காகிதத்தின் வழியே கிருமி உள்ளே போய்விடும். எங்கள் கோஸ் உறையைத் திறந்தது கத்தரிக்கோலின் முனை. பெட்டி சிறியது, எல்லாவற்றையும் திணித்து மூடியதில் முனை ஓரத்தில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த உறைகளில் எழுத்துக்குப் பதிலாகப் படங்கள் இருக்கும். மணற்கடிகாரம் போன்ற படத்துக்குப் பக்கத்தில் உள்ளதுதான் காலாவதித் திகதி. புகைபோக்கியோடு கூடிய தொழிற்சாலைப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது தயாரித்த திகதி. 2 என்ற எண்ணின்மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் ஒரு தரத்துக்கு மேல் பாவிக்கக்கூடாது. பெட்டியை வாங்கியபோது நான் தொழிற்சாலைப் படத்தைக் கவனிக்காமல், முதலில் கண்ணில் பட்ட திகதியைத்தான் வாசித்திருக்கிறேன்.

இங்கே இன்னொரு சிக்கல். நம் கடைகளில் கிடைக்கும் பொருட்கள் பல நாட்டிலிருந்து வருகின்றன. ஒன்றில் ஆண்டு முதலில் வரும், ஒன்றில் நாள் முதலில், சிலவற்றில் மாதம் முதலில். 05/06/27 என்று மட்டும் இருந்தால் அது மே 6ஆ ஜூன் 5ஆ என்று சொல்ல முடியாது. அப்படி வந்தால் முன்னால் வரும் திகதியை எடுத்துக்கொள்கிறோம். மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், சாதாரணமாக அந்த மாதத்தின் கடைசி நாள்வரை கணக்கு. ஆனாலும் நாங்கள் அந்த மாதம் பிறக்கும்போதே மாற்றிவிடுகிறோம்.

சுற்றுப் பன்டேஜுக்கும் முக்கோணத் துணிக்கும் பெரும்பாலும் திகதி இருக்காது, இருக்கத் தேவையும் இல்லை. வெறும் துணிதான். பூஞ்சணமும் பூச்சி அரித்த தடமும் இல்லாமல் இருந்தால் போதும். கிரேப் பன்டேஜ் அப்படியல்ல, அதன் உயிர் அதிலுள்ள இழுவை. ஒரு முழம் விரித்து இழுத்து விட்டுப் பாருங்கள். சுருங்கித் திரும்ப வராவிட்டால் அது சுளுக்குக்கு உதவாது. எங்களுடையது ஈரத் துணி போலத் தொங்கியது. முக்கோணத் துணியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் முறிந்த கையைத் தொங்கவிடவும் பாம்பு கடித்த காலை அசையாமல் சட்டத்தோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டவும் அது வேண்டும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதற்கு அல்ல, அப்படிக் கட்டவே கூடாது.

கையுறை இரப்பரில் செய்தது, லேட்டெக்ஸ். சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் நொறுங்கும். சிலருக்கு அது ஒவ்வாமையும் தரும். எங்கள் பெட்டியில் இருந்தது ஒரு வெறும் பொலித்தீன் பையில், திகதியே இல்லாமல். நீலநிற நைட்ரைல் கையுறை சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். பையில் திகதி இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு சோடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அந்தச் சோடி செலவுதான், பரவாயில்லை.

போத்தலில் இருந்த அயடின் கரைசலில் திகதி தெளிவாக இருந்தது, 2026 ஓகஸ்ட். ஆனால் மூடியைச் சுற்றிப் பழுப்பாகப் பொருக்கு. யாரோ திறந்திருக்கிறார்கள், எப்போது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அடித்த திகதி திறக்காத போத்தலுக்கு உரியது. திறந்த பிறகு எவ்வளவு காலம் என்பது சில லேபலில் மூடி திறந்த சாடியின் படத்தோடு, அதற்குள் 6 அல்லது 12 என்று மாதக் கணக்காக இருக்கும். இல்லாவிட்டால் வாங்கும்போதே மருந்தாளரிடம் கேட்டு, போத்தலில் எழுதிக்கொள்ள வேண்டும். திறந்த நாள் தெரியாத போத்தலுக்கு எங்களிடம் ஒரே முடிவுதான், எறிவது.

தீக்காயத்துக்கான களிம்புக் குழாயில் நான் ஐந்து நிமிடம் திகதி தேடினேன். மை அச்சு எங்கும் இல்லை. கடைசியில் குழாயின் அடி மடிப்பில், பல் பதித்தது போலக் குழிவாக அழுத்தப்பட்டிருந்தது. பாவித்துப் பாவித்து அடியிலிருந்து சுருட்டினால் அந்த இடம்தான் முதலில் மறையும். ஆகவே குழாயைச் சுருட்டக்கூடாது. களிம்பு எப்படியும் இரண்டாவதுதான். கேத்தல் தண்ணீர் கொட்டினால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடிப்பதுதான் முதல் வேலை.

பாதியாக வெட்டிய அட்டை

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் சிக்கல். பெட்டியில் நான்கு பனடோல், அட்டையிலிருந்து கத்தரித்த துண்டாக ஒரு சின்னக் காகித உறைக்குள் இருந்தன. உறையில் பேனாவால் ‘காய்ச்சல், 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. திகதி எங்கே? அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அது அடிக்கப்பட்டிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது, அல்லது எங்களுக்கு முன்னால் வாங்கியவரோடு போய்விட்டது.

புதிய பொருட்கள் வாங்கப் போனபோது இதைப் பாமசியில் இருந்த ஐயாவிடம் கேட்டேன். அவர் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். “இஞ்ச பாருங்கோ பிள்ளை, மூண்டு வரி இருக்கு. முதல் வரி தொகுதி இலக்கம், அது திகதியில்லை. நடுவிலை செய்த திகதி. கீழை இருக்கிறதுதான் முடியிற திகதி. எழுத்து மங்கியிருந்தா ரெண்டு திகதியிலை பிந்தினதை எடுங்கோ. வெட்டித் தரேக்கை திகதி இருக்கிற பக்கத்தைத் தாங்கோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி உறையிலை எழுதித் தரச் சொல்லுங்கோ. கேட்டா நாங்கள் தருவம்.”

ஜீவனியில் நான் ஏமாந்ததும் இதே மூன்று வரியில்தான். பொதி மடிப்பில் எழுத்துகள் மங்கியிருந்ததால் தொகுதி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை ஆண்டு என்று நினைத்திருந்தேன். உள்ளே தூள் கட்டியாகி, லேசாகப் பழுப்பும் ஏறியிருந்தது. நல்ல பொதியை ஆட்டினால் மணல் போல ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கட்டியாக இடித்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

அன்றே இன்னொரு முடிவும் எடுத்தோம். பிரித்தானியாவின் தொழில் பாதுகாப்பு ஆணையம், ஆபத்துக் குறைந்த சிறு வேலைத்தளங்களுக்கு உதாரணமாக ஒரு பட்டியல் தருகிறது. கட்டாயம் அல்ல, உதாரணம்தான். அதோடு, முதலுதவிப் பெட்டியில் மாத்திரையும் மருந்தும் வைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. எனக்கு அது சரியாகப் பட்டது. யாருக்கு எது ஒவ்வாது, யார் வேறு என்ன மருந்து குடிக்கிறார்கள் என்பது பெட்டியைத் திறப்பவருக்குத் தெரியாது. தலைவலி மாத்திரை அவரவர் பையில் இருக்கட்டும். ஜீவனி இரண்டு பொதி மட்டும் தேத்தண்ணி போடும் இடத்தில், தனி டின்னில் வைத்தோம். எத்தனை தண்ணீர் என்பதைப் பொதியில் பார்த்துத்தான் கரைக்க வேண்டும், கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

இப்போது உள்ளே இருப்பது

அந்தப் பட்டியலை அடியாக வைத்து, எங்கள் வேலைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தோம். தனித்தனி உறையில் உள்ள பிளாஸ்டர் பல அளவில் 20. நடுத்தரக் காயக்கட்டு 6, பெரியது 2. கண் பஞ்சட்டை 2. முக்கோணத் துணி 2. ஊக்கு 6. நைட்ரைல் கையுறை, பட்டியலில் 3 சோடி, நாங்கள் 5 வைத்திருக்கிறோம். இதுவரை அவர்கள் பட்டியல்.

பிளேடும் கட்டரும் பாவிக்கும் இடம் என்பதால் பத்துச் சென்ரிமீற்றர் சதுரக் கோஸ் 10 பொதி சேர்த்தோம். தம்பியின் காயம் போன்றதற்கு வேண்டியது அதுதான், அடுக்காக வைத்து அழுத்திப் பிடிப்பதற்கு. ஏழரைச் சென்ரிமீற்றர் கிரேப் பன்டேஜ் 2, காகித டேப் 1, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாவணம். டேப்பிலும் கெடுவது பசைதான், முன்கையில் ஒட்டிப் பார்க்கும் அதே சோதனை போதும்.

போத்தல் அயடினை மறுபடி வாங்கவில்லை. இதில் அலுவலகத்தில் வாக்குவாதமே வந்தது, எரியாத மருந்து மருந்தா என்று கேட்டார்கள். ஆனால் சாதாரண வெட்டுக்காயத்தைச் சுத்தமான தண்ணீரால் அல்லது உப்பு நீரால் கழுவினாலே போதும். 20 மில்லிலீற்றர் அளவில், கழுத்தைத் திருகி உடைக்கும் சின்னக் குப்பிகளில் 0.9 வீத உப்பு நீர் கிடைக்கிறது. ஆறு வாங்கினோம். கண்ணில் தூசு விழுந்தாலும் அதையே ஊற்றலாம். ஒருதரம் உடைத்தால் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும், ஆகவே திறந்த நாள் என்ற கேள்வியே எழாது. இந்தக் குப்பிகளில் திகதி நிறமே இல்லாமல் பிளாஸ்டிக்கிலேயே பதித்திருக்கும். கைபேசி டோர்ச்சைப் பக்கவாட்டாகச் சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து எண் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கண்டுபிடித்த திகதியைப் பேனாவால் அந்தக் குப்பியிலேயே பெரிதாக எழுதிவிட்டேன்.

போத்தலுக்குப் பதிலாக, காயத்தைச் சுற்றியுள்ள தோலைத் துடைக்க, ஒன்றொன்றாக உறையிட்ட கிருமிநாசினித் துடைப்பான் 10. இவற்றின் உறையில் ஊசித் துளை விழுந்தால் திகதி இருந்தும் உள்ளே காய்ந்துவிடும். இரண்டு விரலால் அழுத்தினால் உள்ளே ஈரத் துணி வழுக்குவது தெரிய வேண்டும். காய்ந்தது கடதாசி போல மொறுமொறுக்கும்.

பஞ்சு வாங்கவில்லை. அதன் நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்கும்போது இரத்தம் மறுபடி வரும்.

மூடியின் உட்புறத்தில் 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டினோம், சுவசரிய அம்புலன்ஸ் இலக்கம். அவசரத்தில் அந்த இலக்கம் எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை என்பது உண்மை.

இடம்

பழைய பெட்டி இரண்டு வருடம் இருந்த இடத்தை நான் பிறகு அளந்து பார்த்தேன். இரும்பு அலுமாரியின் மேற்பரப்பு, மேற்கு ஜன்னலுக்குப் பக்கம், தலைக்கு மேலே சீற் கூரை. மே மாத மதியம் மூன்று மணிக்கு அங்கே வெப்பமானி 39 பாகை காட்டியது. அதே நேரத்தில் உள்ளறையில், சுவரோடு இருந்த மேசையின் கீழ் லாச்சியில் 32. பெரும்பாலான உறைகளில் 30 பாகைக்குக் கீழே வைக்கவும் என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில், மின்சாரம் நின்றுவிட்ட ஒரு மதியத்தில், எந்த லாச்சியிலும் அதைக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் நாங்கள் மலிவு என்று மொத்தமாக வாங்குவதில்லை, பசையும் இரப்பரும் உள்ளவற்றைத் திகதிக்கு முன்பே சோதிக்கிறோம். ஆனால் 39க்கும் 32க்கும் இடையிலான வித்தியாசம் இலவசமாகக் கிடைத்தது, ஒரு பெட்டியைப் பத்தடி நகர்த்தியதற்கு. லாச்சிக்குப் பூட்டு இல்லை, பச்சை ஸ்டிக்கர் ஒன்று வெளியே ஒட்டியிருக்கிறது.

பெட்டியையும் மாற்றினோம். உணவு வைக்கும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பழையதைப்போல் ஒன்றரை மடங்கு. ஒன்றும் திணிக்காமல் படுத்திருக்க வேண்டும்.

அட்டை

பதிவுக்கு ஒரு கொப்பி போட்டுப் பார்த்தோம், இரண்டு கிழமையில் யாரும் எழுதவில்லை. அப்புறம் கணக்கு அக்கா ஒரு யோசனை சொன்னார். ஒரேயொரு அட்டை, அதில் பொருட்களைத் திகதி வரிசையில் எழுது, முதலில் முடிவது முதல் வரி. பொருள் வகைப்படி எழுதினால் இருபது வரியையும் வாசிக்க வேண்டும். திகதி வரிசையில் எழுதினால் முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும், அதுவே பெட்டியின் திகதி. எங்கள் அட்டையில் முதல் வரி துடைப்பான், 2026-09. அடுத்தது உப்பு நீர், 2027-02. திகதி இல்லாத பொருட்கள் கீழே தனியாக, ‘இழுத்துப் பார்’, ‘போட்டுப் பார்’, ‘ஒட்டிப் பார்’ என்ற குறிப்போடு. ஆண்டை முதலில் எழுதுவது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம், அப்போதுதான் குழப்பம் வராது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை எண்ணிக்கை மட்டும், மூன்று நிமிட வேலை. மே மாதமும் நவம்பர் மாதமும் முழுச் சோதனை, எல்லாவற்றையும் மேசையில் கொட்டி. வெயில் உச்சத்தில் ஒன்று, மாரி மழைக்குள் ஒன்று. பசையை வெயில் கெடுக்கும், உறையை ஈரம் கெடுக்கும் என்பதால் அந்த இரண்டு மாதம்.

கழித்த பொருட்களை எல்லாம் எறியவில்லை. பழைய கோஸ், காயக்கட்டு, துணி எல்லாவற்றிலும் சிவப்புப் பேனாவால் ‘பயிற்சிக்கு’ என்று எழுதி வேறு பையில் போட்டோம். ஒரு சனிக்கிழமை ஒவ்வொருவரும் மற்றவர் கையில் அழுத்திக் கட்டிப் பழகினோம். தம்பிதான் முதலில் கையை நீட்டினார். மாத்திரையை மட்டும் அட்டையிலிருந்து பிரித்து, தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். அப்படியே போட்டால் நாயோ குழந்தையோ எடுக்கும்.

நவம்பர்

முதல் முழுச் சோதனை 2025 நவம்பரில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு. பிளாஸ்டர் 20இல் 11 மிச்சம். மாத எண்ணிக்கையில் இது 14 என்று இருந்தது, ஆக ஒரு மாதத்தில் மூன்று போயிருக்கிறது. நிரப்பினோம். பிளாஸ்டரின் பசை நன்றாக இருந்தது, உறையில் கறை இல்லை. கிரேப் பன்டேஜ் இழுத்தவுடன் திரும்பி வந்தது. உப்பு நீரில் ஐந்து, ஒன்று கண்ணில் தூசு விழுந்ததற்குப் போனது.

கண் பஞ்சட்டை இரண்டின் காகித உறையிலும் மட்டும் கருமையான சின்னப் புள்ளிகள். மூடி இறுக்கமானது, லாச்சி காய்ந்தது, மழை உள்ளே வரவில்லை. வெகுநேரம் விளங்கவில்லை. பிறகு கத்தரிக்கோலைத் தூக்கினேன், அதன் திருகாணியில் துரு. யாரோ டேப் வெட்டிவிட்டு, பசை போகக் கழுவி, துடைக்காமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். காற்றே போகாத பெட்டியில் அந்தச் சொட்டு ஈரம் வெளியே வர வழியில்லாமல், பக்கத்தில் இருந்த காகிதத்தில் ஏறியிருக்கிறது. இறுக்கமான மூடி ஈரத்தை வெளியே நிறுத்தும் என்று வாங்கினோம், உள்ளே போன ஈரத்தையும் அது அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது.

திகதி 2028 வரை இருந்தும் இரண்டு பஞ்சட்டையும் பயிற்சிப் பைக்குப் போயின. கத்தரிக்கோலும் சாவணமும் இப்போது பெட்டிக்கு வெளியே, லாச்சியிலேயே ஒரு துணிப் பையில் இருக்கின்றன. புதிய பஞ்சட்டையின் திகதி 2027-06. அட்டையில் அதை மூன்றாவது வரியாக எழுதிக்கொண்டேன்.